"ஒரு சந்தேகம்" என்று சொல்லி நிறுத்திவிடுபவரிடமிருந்து கேள்வியை வரவழைக்கும் முறை

"எனக்கு ஒரு சந்தேகம்" என்று சொல்லி ஒருவர் நிறுத்தினால், நாம் வழக்கமாக "கேளுங்கள்" என்கிறோம். அனுமதிக்காகக் காத்திருப்பவருக்கு அது போதும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தயங்குபவருக்கு அது உதவாது.

படி 1: அனுமதியோடு ஒரு கேள்வியையும் கொடுங்கள். "சொல்லுங்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எந்த இடத்தில் தடைப்பட்டது?" என்று கேட்கலாம். "எதைப் பற்றி?" என்று கேட்டால் "எக்செல்" என்ற ஒரே சொல்லோடு பேச்சு மறுபடியும் நின்றுவிடும்.

படி 2: கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை 3 நொடியாக நீட்டினாலே மாணவர்களின் பதில்கள் நீளமாகின்றன என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் காட்டினார்.

படி 3: வந்த கேள்விக்கு உடனே பதில் சொல்லாதீர்கள். எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த படி இதுதான். உடன் பணிபுரியும் ஒருவர், நீண்ட தயக்கத்துக்குப் பின், "எக்செலில் ஒரு நெடுவரிசையில் உள்ள வெற்றிடங்களை எப்படி நீக்குவது?" என்று கேட்டார். கூடுதல் வெற்றிடங்களை நீக்கும் `TRIM` சூத்திரத்தைச் சொல்லி முடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, "நீக்கியபின் அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். இரண்டு பட்டியல்களை `VLOOKUP` கொண்டு ஒப்பிடுவதாகவும், எண்கள் கண்ணெதிரே இருந்தும் கிடைக்கவில்லை என்று பொருள்படும் `#N/A` பிழை வருவதாகவும், ஒரு பட்டியலில் எண்கள் இடப்பக்கம் ஒதுங்கியிருப்பதால் பின்னால் வெற்றிடம் இருக்குமென்று நினைத்ததாகவும் சொன்னார். உண்மையில் அந்த எண்கள் உரையாகப் பதிவாகியிருந்தன. எக்செல் உரையை இடப்பக்கமாக நிறுத்தும். `TRIM` தருவதும் உரையே என்பதால் பிழை அப்படியே நீடித்திருக்கும், தேவைப்பட்டது உரையை எண்ணாக மாற்றும் `VALUE`. அவர் கேட்டது தம் ஊகத்தைப் பற்றி. அவருடைய சிக்கலோ வேறு.

இந்தப் படியில் "ஏன் கேட்கிறீர்கள்?" என்ற வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது விசாரணையாக ஒலிப்பதால், தயங்கியவர் விளக்கம் சொல்லாமல் தம்மை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார்.

படி 4: கேள்வியை உங்கள் வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள். "இரு பட்டியல்களிலும் உள்ள எண்கள் ஏன் பொருந்தவில்லை என்பதுதானே கேள்வி?" என்றதும் "ஆமாம், ஆனால்..." என்று அவர் இழுத்தால், அந்த "ஆனால்" முடியும்வரை பதிலைத் தள்ளிப்போடுங்கள்.

எழுத்து உரையாடலில் இரண்டு சுற்றுகளுக்குப் பிறகும் தெளிவு வராவிட்டால், முழுத் திரையின் படத்தைக் கேட்பதே என் வழக்கம். வெட்டிய படத்தில் அவர் முக்கியமில்லை என்று கருதிய பகுதி விடுபட்டுப்போகும்.

பிற்சேர்க்கை: "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று பின்வாங்குபவரை என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பலர் இருக்கும் இடமானால் தனியாகக் கேளுங்கள். அப்போது திறந்த கேள்வியை விட்டுவிட்டு, "தொடங்கவே முடியவில்லையா, பாதியில் நின்றுவிட்டதா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். "இரண்டும் இல்லை" என்ற பதில் வந்தாலும், அதைத் தொடர்ந்து அவரே விளக்கத் தொடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.