மாசி வாசமும் ஜப்பான் சாப்பாடும்: சைவர்கள் ஜப்பானில் சாப்பாடு தேடும் முறை

கொழும்பில் சைவமாக வாழ்பவர்களுக்கு ஒரு கேள்வி நாக்கின் நுனியிலேயே இருக்கும். வெள்ளவத்தையில் சைவக்கடைக்குள் நுழைந்தால் அதைக் கேட்கத் தேவையில்லை. ஆனால் வேறு எந்தச் சாப்பாட்டுக் கடையில் தேங்காய்ச் சம்பலோ பருப்போ கீரைச் சுண்டலோ வாங்கினாலும், "மாசி போட்டிருக்கிறீங்களோ?" என்று கேட்ட பிறகே பொதியைக் கையில் எடுப்போம். கண்ணுக்கு மரக்கறியாகத் தெரியும் கறிக்குள் மாசிக்கருவாட்டுத் தூள் கரைந்திருக்கலாம் என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விடயம். சென்ற வருடம் அம்மாவுடன் பதினொரு நாட்கள் ஜப்பானில் சுற்றியபோது எங்களைக் காப்பாற்றியது அந்தக் கேள்விதான். முதல் இரண்டு நாட்கள் அதைக் கேட்க மறந்ததால்தான் தவறு நடந்தது. அதே வழியில் போகப்போகிறவர்களுக்காக, நாங்கள் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். பயணச்சீட்டு, விசா, தங்குமிடம் பற்றி இங்கே எழுதவில்லை, சாப்பாடு மட்டுமே.

முதல் படி: "வெஜிடேரியன்" என்ற சொல்லை நம்பியிருக்க வேண்டாம்.

ஜப்பானியருக்கு அந்தச் சொல் தெரியும். ஆனால் பல கடைகளில் அதற்கு இறைச்சித் துண்டு இல்லாத சாப்பாடு என்று மட்டுமே பொருள் கொள்கிறார்கள். மீன் கொண்டு செய்த குழம்புநீரைப் பலர் மீனாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் குழம்புநீரின் பெயர் தாஷி. பெரும்பாலும் கொம்பு என்ற உலர்ந்த கடற்பாசியையும் கட்சுவோபுஷி என்ற உலர் மீன் சீவலையும் நீரில் ஊறவிட்டுச் சூடாக்கி வடித்து எடுப்பார்கள். சில வீடுகளிலும் கடைகளிலும் நிபோஷி என்ற சிறிய உலர்ந்த மீன்களைச் சேர்ப்பார்கள். மிசோ சூப், நூடில்ஸ் சாறு, அவித்த மரக்கறி, முட்டைச் சுருள், தோபு மேல் ஊற்றும் சாறு என்று எங்கும் இந்தத் தாஷி ஓடுகிறது.

கட்சுவோபுஷி என்றால் என்ன என்று அறிந்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டை போல் இறுகும்வரை உலர்த்திச் செய்வது. நம் மாசிக்கருவாடும் அதே மீனில், ஏறத்தாழ அதே முறையில்தான் செய்யப்படுகிறது. நாம் இடித்துப் போடுகிறோம், அவர்கள் மெல்லிய தாளாகச் சீவிப் போடுகிறார்கள். ஆகவே ஜப்பானில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் வெள்ளவத்தைக்கு வெளியே கேட்கும் அதே கேள்விதான்.

இரண்டாம் படி: அட்டை எழுதுங்கள்.

நான் முதலில் கொண்டுபோன அட்டையில் "இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டோம்" என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது. கியோத்தோவில் இரண்டாம் நாள் மதியம் ஒரு சோபா கடையில் அதைக் காட்டினோம். சோபா என்பது பக்வீட் என்ற தானிய மாவில், பல இடங்களில் கோதுமை மாவும் கலந்து செய்யும் நூடில்ஸ். அதில் மீன் இல்லை. பரிமாறிய பெண்மணி அட்டையை வாசித்துத் தலையசைத்து, குளிர்ந்த சோபாவையும் தோய்த்துச் சாப்பிட ஒரு சிறு கிண்ணத்தில் கறுப்புச் சாறையும் கொண்டுவந்து வைத்தார். அம்மா கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனவுடன் கீழே வைத்துவிட்டார். "பிள்ளை, இதில மாசி மணக்குது" என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. சோயா மணமே முன்னுக்கு வந்தது. கேட்டுப் பார்த்தால் சாறு கட்சுவோபுஷி தாஷியில்தான் செய்யப்பட்டிருந்தது. அந்தப் பெண்மணி ஏமாற்றவில்லை. அவர் பார்வையில் அது மீன் அல்ல, சாறு. பிழை என் அட்டையில் இருந்தது, தாஷி என்ற சொல் அதில் இல்லை.

அன்று இரவு தங்குமிடத்தில் இருந்த ஒருவரின் உதவியுடன் அட்டையைத் திருத்தினேன். இப்போது இதுதான் என்னிடம் இருக்கிறது:

```
肉と魚は食べられません。
かつおだしと煮干しだしも食べられません。
昆布だしは大丈夫です。
卵と牛乳は食べられます。
```

முதல் வரி இறைச்சியும் மீனும் வேண்டாம் என்கிறது. இரண்டாம் வரி மாசித் தாஷியும் நிபோஷித் தாஷியும் வேண்டாம் என்கிறது. இந்த வரியே முழு அட்டையின் உயிர். மூன்றாம் வரி கடற்பாசித் தாஷி பரவாயில்லை என்பது. இதை விடவேண்டாம், ஏனென்றால் சமையற்காரருக்கு எதைக் கொண்டு சமைக்கலாம் என்ற வழியை அதுதான் காட்டுகிறது. கடைசி வரி முட்டையும் பாலும் சாப்பிடுவோம் என்பது; அவற்றை எடுக்காதவர்கள் அந்த வரியின் முடிவில் உள்ள 食べられます என்பதை 食べられません என்று மாற்றிவிடுங்கள். கைத்தொலைபேசித் திரையைவிடக் கடினமான காகிதத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையையே நான் விரும்புகிறேன். பரிமாறுபவர் அதைக் குசினிக்குள் எடுத்துப்போய்ச் சமையற்காரருக்குக் காட்ட முடியும்; உங்கள் தொலைபேசியை வாங்கிக்கொண்டு உள்ளே போக அவர்கள் தயங்குவார்கள்.

மூன்றாம் படி: உட்காருவதற்கு முன் காட்டுங்கள்.

வாசலில் நின்றே காட்டினால் முடியாது என்று சொல்வது அவர்களுக்கும் எளிது, வெளியேறுவது உங்களுக்கும் எளிது. சில கடைகள் மன்னிப்புக் கேட்டு மறுத்துவிடும். அதை அவமதிப்பாக எடுக்க வேண்டாம்; அவர்கள் சாறு காலையிலேயே காய்ச்சி வைத்தது, அதிலிருந்து மீனைப் பிரித்தெடுக்க முடியாது.

நான்காம் நாள் வேறொரு சோபா கடையில் புதிய அட்டையைக் காட்டினோம். முதியவர் ஒருவர் அதை இரண்டு தரம் வாசித்தார், உள்ளே போய் வந்தார், சாறைக் காட்டிக் கையால் இல்லை என்று சைகை செய்தார். பிறகு ஒரு சிறு குடுவையைக் கொண்டுவந்து "கயேஷி" என்றார். சோபா கடைகளில் தோய்க்கும் சாறு இரண்டு பகுதிகளைக் கலந்து செய்யப்படுகிறது. ஒன்று தாஷி. மற்றது சோயா சோஸ், மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சீனி ஆகியவற்றைக் காய்ச்சி ஆறவைத்த கயேஷி. மீன் தாஷியில் மட்டுமே இருக்கிறது. ஆகவே தானே சாறு காய்ச்சும் கடையாக இருந்தால் கயேஷியை மட்டும் கேட்டு வாங்கி, நூடில்ஸ் அவித்த சுடுநீரில் கரைத்துத் தோய்த்துக்கொள்ளலாம். அந்த நீரைச் சோபா கடைகளில் கடைசியில் குடிப்பதற்கென்றே கொண்டுவந்து தருவார்கள். மிரினில் மது இருப்பதால் அதுவும் வேண்டாம் என்பவர்கள் வெறும் சோயா சோஸையே கேளுங்கள். போத்தலில் வரும் ஆயத்தச் சாறு பாவிக்கும் கடைகளில் இந்த வழி பலிக்காது, அங்கே எல்லாம் ஏற்கெனவே கலந்திருக்கும்.

அந்தக் கடையில் மரக்கறி தெம்புராவும் இருந்தது. ஆனால் இறால் பொரித்த அதே எண்ணெயில்தான் அதையும் பொரிப்பார்கள் என்பதால் அம்மா வேண்டாம் என்றார். அந்த எல்லையை ஒவ்வொருவரும் தாங்களே முடிவு செய்ய வேண்டும். கொழும்பில் கலப்புக் கடை வடையைச் சாப்பிடாதவர் அங்கேயும் தெம்புராவை விட்டுவிடுவது நல்லது.

நான்காம் படி: பொட்டலத்தை வாசியுங்கள்.

இரவில் சிறிய கடைகள் மூடிய பிறகு நீங்கள் போகப்போவது மூலைக்கு மூலை இருக்கும் பல்பொருள் கடைகளுக்குத்தான். இங்கே பேச வேண்டியதில்லை, எழுத்துகளைத் தேடினால் போதும்:

```
肉      இறைச்சி
魚      மீன்
かつお  சூரை மீன், மாசி
鰹      அதே மீன், சீன எழுத்தில்
エキス  சாறு, எசன்ஸ்
```

இவற்றில் மூன்றாவதை மனப்பாடம் செய்யுங்கள். சோற்றுருண்டைகளில் புளித்த உமே பழம் வைத்ததும் கொம்பு வைத்ததும் பார்வைக்குச் சைவம்தான், ஆனால் உமேயோடு மாசி கலந்த வகைகளும் உண்டு, கொம்பை மாசிச் சாறில் வதக்கியதும் உண்டு. உப்பு மட்டும் போட்ட சோற்றுருண்டையே நான் முதலில் தேடுவது, அதையும் வாசித்த பின்தான் வாங்குவேன். வெறும் தோபுவும் நல்லது. நொதித்த சோயாவான நத்தோ வாங்கினால் அதனுள் இருக்கும் சிறு சோஸ் பொதியில் பெரும்பாலும் மாசிச் சாறு இருக்கும். அதை எறிந்துவிட்டுத் தனியாக வாங்கிய சோயா சோஸை ஊற்றிச் சாப்பிடுங்கள். சோயா சோஸ் வாங்கும்போதும் だし என்ற எழுத்துகள் உள்ள போத்தலை எடுக்காதீர்கள், அது தாஷி கலந்த சோஸ்.

ஐந்தாம் படி: ஒரு நாளாவது கோயில் சாப்பாடு சாப்பிடுங்கள்.

பௌத்த மடங்களின் சமையலுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர். அதில் தாஷியைக் கொம்பிலும் உலர்ந்த ஷீட்டாக்கே காளானிலும் எடுப்பது மரபு, வெங்காயம் பூடு சேர்ப்பதில்லை. அதனால் நம் வீட்டு விரத நாள் சாப்பாட்டுக்கு மிக நெருங்கியது. கியோத்தோவின் அராஷியாமாவில் தென்ரியூஜி கோயில் வளவிலேயே ஷிகெட்சு என்ற உணவகம் இருக்கிறது. கோயாசான் மலையில் மடங்களிலேயே இரவு தங்கலாம், எள்ளு அரைத்துச் செய்யும் கோமாதோபுவும் உறையவைத்து உலர்த்திய தோபுவும் இரவுச் சாப்பாட்டில் வரும். ஆனால் மடத்துக்கு வெளியே சாதாரண உணவகம் ஒன்று "ஷோஜின் பாணி" என்று பலகை வைத்திருந்தால் அட்டையைக் காட்டியே தீர வேண்டும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், பொட்டலத்தில் ஒவ்வாமைப் பட்டியலை மட்டும் பார்த்து வாங்கியதாகவும் பிறகுதான் மாசி இருப்பதைக் கண்டதாகவும் எழுதியிருந்தார். அந்தப் பட்டியலை இதற்கு நம்ப முடியாது. ஜப்பானில் இறாலும் நண்டும் கட்டாயம் குறிக்கப்பட வேண்டியவை, சால்மனும் கானாங்கெளுத்தியும் குறிக்குமாறு பரிந்துரைக்கப்பட்டவை, ஆனால் சூரை மீன் இவற்றில் எதிலும் இல்லை. முழுச் சேர்பொருள் வரிசையையும் வாசிப்பது தவிர வேறு வழியில்லை.

இன்னொருவர் கொழும்பிலிருந்து சின்ன ரைஸ் குக்கரைக் கொண்டுபோய், சோறு வேகவில்லை என்று வருந்தியிருந்தார். நம் மின்சாரம் 230 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அந்த வேறுபாட்டில் 400 வாட் குக்கர் அங்கே ஏறத்தாழ 75 வாட் சூட்டையே தரும், அரிசி ஊறுமே தவிர வேகாது. செருகியை மாற்றும் அடப்டர் இதைச் சரிசெய்யாது. சமைத்தே ஆக வேண்டுமென்றால் 100 வோல்ட்டிலும் 230 வோல்ட்டிலும் இயங்கும் என்று அடியில் குறிப்பிட்ட பயணக் குக்கரை வாங்குங்கள், அல்லது குசினி உள்ள அறையை எடுங்கள்.