மதுரை பஸ்ஸில் கசங்காத டாப்ஸ்: துணியைக் கடையிலேயே சோதிப்பது எப்படி?

காரைக்குடியில் காலை பஸ் ஏறினால் மதுரையில் இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலூர் வருவதற்குள் என் காட்டன் டாப்ஸின் முதுகு, பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிடும். மூன்று கோடை இப்படியே போன பிறகுதான் கீழே சொல்லும் முறைக்கு வந்தேன்.

முதலில், ஈரக்கைச் சோதனை. துணியைக் கையில் கசக்கிப் பார்த்து வாங்குவது எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படித்தான் ஏசி கடையில் காய்ந்த கையால் கசக்கி, ஒரு பாப்ளின் வாங்கி ஏமாந்தேன். பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சியதும் உள்ளே இளகிவிடும். சீட்டில் சாய்ந்து அழுத்துகிறோம், உடல் சூட்டில் அப்படியே காய்கிறது, மடிப்பு நின்றுவிடுகிறது. இஸ்திரிப் பெட்டி செய்வதும் இதே வேலைதான். அதனால் சோதனையிலும் ஈரமும் சூடும் வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு ஒரு ஓரத்துண்டு வாங்கி, இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவி, கைக்குள் இறுக்கி அறுபது எண்ணுங்கள். பிறகு விரித்து ஐந்து நிமிடம் விடுங்கள்.

நான்கு துணியை இப்படிப் பார்த்தேன். பாப்ளின் கசங்கியது கசங்கியபடியே கிடந்தது. ரேயான் தொட்டால் ஜில்லென்று இருந்தாலும், ஈரம் பட்டதும் துவண்டு கோடு கோடாகிவிட்டது. பாலியஸ்டர் கலந்த காட்டன் பாதிக்கு மேல் நிமிர்ந்தது. சீர்சக்கரில் வித்தியாசமே தெரியவில்லை. சில நூலைத் தளரவிட்டு நெய்வதால் அது பிறவியிலேயே சுருங்கிய துணி. புதுச் சுருக்கம் அதில் ஒளிந்துகொள்ளும், மேடு பள்ளமாக இருப்பதால் முதுகில் ஒட்டவும் ஒட்டாது. என் ஓட்டு இதற்குத்தான். பெயர் சொன்னால் தெரியாத கடையில் "அயர்ன் பண்ண வேண்டாத, சுருக்கம் வச்ச காட்டன்" என்று கேளுங்கள்.

அடுத்து, ஊதிப் பாருங்கள். துணியை மடிக்காமல் ஒற்றையாக வாயருகே வைத்து ஊதினால் மறுபக்கம் உள்ளங்கையில் காற்றுப் பட வேண்டும். படாவிட்டால், கசங்காத துணியாக இருந்தாலும் வேண்டாம்.

கஞ்சி போடாதீர்கள். நெசவின் கண்கள் அடைபடும், வியர்த்ததும் பிசுபிசுக்கும். என் அப்பத்தா கண்டாங்கியைக் கஞ்சியில்லாமல் அலசி உதறிக் காயப்போட்டுக் கட்டுவார். தடித்த நூல், பெரிய கட்டம்; சுருக்கம் விழுந்தாலும் கண்ணில் படாது.

தேய்த்த சூட்டோடு போடாதீர்கள். பத்து நிமிடம் ஹேங்கரில் தொங்கட்டும். சூடும் நீராவியும் போகாத துணி, ஆட்டோவில் ஏறும்போதே மடிந்துவிடும்.

பின்சேர்க்கை: பாலியஸ்டர் கலந்த துணியில் அக்குள் நாற்றம் துவைத்தாலும் போகவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உண்மைதான், பாலியஸ்டர் உடம்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் உட்பக்கத்தைத் திருப்பி, அக்குள் பகுதியில் சோப்புத் தேய்த்து அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். நான் இப்போது அந்தத் துணியில் கையில்லாத கோட் மட்டும்தான் தைக்கிறேன்.