கான்ட்ராக்ட் டு ஹயர் வேலை: ராஜினாமா கடிதம் எழுதும் முன் செய்ய வேண்டியவை

என் சித்தி மகள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் இருக்கிறாள். சோதனைப் பிரிவில் வேலை, ஆண்டுக்கு ரூ.9.6 லட்சம் சிடிசி, பணியில் சேர்ந்து 4 ஆண்டு 5 மாதம் ஆகிறது. போன மாதம் அவளுக்கு ரூ.13.2 லட்சத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. "ஆறு மாதம் கான்ட்ராக்ட், அப்புறம் பெரிய கம்பெனியில் பெர்மனென்ட். சேர்ந்துவிடட்டுமா, அக்கா?" என்று கேட்டாள்.

இப்படி ஆள் எடுத்துக் கொடுக்கும் வெண்டர் நிறுவனம் ஒன்றில் நான் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்பதால் உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை. இருவரும் உட்கார்ந்து பார்த்ததை வரிசையாகத் தருகிறேன்.

படி 1: கடிதத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது?

கான்ட்ராக்ட் டு ஹயர் வேலையில் மூன்று தரப்பு உண்டு: நீங்கள், உங்களுக்குச் சம்பளம் போடும் வெண்டர், நீங்கள் போய் வேலை செய்யும் கிளையன்ட். நேர்காணல் நடத்துவது கிளையன்ட். வேலையை ஒதுக்குவதும் அதுதான். ஆனால் நியமனக் கடிதம் தருவது வெண்டர். சட்டப்படி நீங்கள் வெண்டரின் ஊழியர். ஆகவே "பெரிய கம்பெனியில் சேர்கிறேன்" என்று வீட்டில் சொல்லுமுன் கடிதத் தலைப்பைப் பாருங்கள்.

அந்தக் கடிதத்திலேயே தருவது சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா என்றும் பார்க்க வேண்டும். சம்பளம் என்றால் பி.எஃப். பிடித்தம் இருக்கும், நீங்கள் ஊழியர். கட்டணம் என்று எழுதி 10 சதவீதம் வரிப் பிடித்தம் மட்டும் சொல்லியிருந்தால், நீங்கள் ஊழியரே அல்ல, பி.எஃப்., கிராஜுவிட்டி, சம்பளத்துடன் கூடிய விடுப்பு எதுவும் வராது. கையில் வரும் தொகை பெரிதாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

படி 2: "நிரந்தரமாக்கப்படும்" என்பது எந்த வரியில் இருக்கிறது?

பெரும்பாலும் எங்குமே இருக்காது. இருந்தாலும், "திறமை, வணிகத் தேவை ஆகியவற்றைப் பொறுத்து கிளையன்ட் தன் விருப்பப்படி பரிசீலிக்கலாம்" என்ற வகையில் இருக்கும். அதில் "பரிசீலிக்கலாம்" என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்தேன், தானாக நிரந்தரமாகிவிடுவேன் என்றும் நினைக்க வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர் முறை தடை செய்யப்பட்ட இடங்களில்கூட முதன்மை நிறுவனம் அவர்களைத் தானாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று இந்திய எஃகு ஆணைய வழக்கில் 2001ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெளியில் பலருக்குத் தெரியாத ஒன்று. உங்களைத் தன் ஊழியராக எடுத்துக்கொள்ள கிளையன்ட் பொதுவாக வெண்டருக்கு ஒரு தொகை தர வேண்டும். பல ஒப்பந்தங்களில் மாதங்கள் ஏற ஏற அந்தத் தொகை குறைந்து, ஒரு கட்டத்தில் பூஜ்யமாகும். அதுவரை காத்திருப்பதுதான் கிளையன்டுக்கு லாபம். "ஆறு மாதம்" என்பது ஒன்பதாகி, பன்னிரண்டாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் வேலையில் எந்தக் குறையும் இருந்திருக்காது.

எனவே இந்தக் கேள்விகளை வெண்டரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். இந்த இடத்துக்கு நிரந்தரப் பணியிட ஒப்புதல் ஏற்கெனவே இருக்கிறதா? மாற்றும்போது மறுபடி நேர்காணல் உண்டா? அப்போது சம்பளத்தை யார் முடிவு செய்வார்கள், இதே தொகையா, குறையுமா? இதே குழுவில் கடந்த ஓராண்டில் எத்தனை பேர் மாற்றப்பட்டார்கள், அவர்களில் ஒருவரிடம் பேச முடியுமா?

படி 3: வேலை நின்றால் என்ன நடக்கும்?

நோட்டீஸ் காலம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். என் தங்கைக்கு வந்த வரைவில் அவள் விலகினால் 30 நாள். கிளையன்ட் வேண்டாம் என்றால் பணி "உடனடியாக முடிவுக்கு வரும்". அதாவது வெள்ளிக்கிழமை மாலை மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திங்கள்கிழமை முதல் சம்பளமில்லாமல் இருக்க நேரலாம். வேறு கிளையன்ட் கிடைக்கும்வரை பெஞ்சில் வைத்துச் சம்பளம் தருவார்களா, எத்தனை நாளுக்கு என்பது எழுத்தில் வேண்டும். பேரம் பேசி மாற்ற முடிகிற பகுதி இதுதான். பெரும்பாலோர் சம்பளத்தை மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

படி 4: வித்தியாசத்தைக் கணக்குப் போடுங்கள்

13.2 லட்சத்தில் 9.6 லட்சம் போக, ஓராண்டுக்கு ரூ.3.6 லட்சம் அதிகம். இதிலிருந்து கழிக்கத் தொடங்கினோம்.

முதலில் கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியருக்கு அது கிடைக்க 5 ஆண்டு பணி முடிய வேண்டும். கணக்கு இப்படி:

```
40,000 × 15 ÷ 26 × 5 = 1,15,384
```

இதில் 40,000 என்பது அவளுடைய அடிப்படைச் சம்பளம். இப்போதே விலகினால் இந்த ரூ.1.15 லட்சம் போய்விடும்; அவளுடைய சிடிசியில் இது சேர்க்கப்படவும் இல்லை.

அடுத்து விடுப்பு. புதிய இடத்தில் வேலை செய்த நாளுக்குத்தான் பணம். டிசம்பர் கடைசியில் கிளையன்ட் அலுவலகம் மூடும் 5 நாளும், உடம்புக்கு முடியாத 5 நாளும் சேர்த்து 10 நாள் என்று வைத்தோம். மாதம் ரூ.1.1 லட்சத்தை 22 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு ரூ.5,000, ஆக ரூ.50,000. பெற்றோருக்கு இப்போது அலுவலகக் காப்பீடு இருக்கிறது, அங்கே இல்லை. தனியாக எடுக்க ரூ.40,000 என்று வைத்தோம்.

மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ ரூ.1.55 லட்சம், அதுவும் வரிக்கு முன். இடையில் ஒன்றரை மாதம் வேலையில்லாமல் போனால் இழப்பு ரூ.1.65 லட்சம். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் வங்கியில் முன்பே பேசிவிடுவது நல்லது. ஒப்பந்தப் பணியாளரின் விண்ணப்பத்தை அவர்கள் கூடுதல் கவனத்துடன் பார்ப்பார்கள்.

படி 5: விலகுவதற்கும் ஒரு வரிசை உண்டு

வெண்டரின் கடிதம் வந்ததும் ராஜினாமா செய்வதுதான் நான் கண்ட பெரிய தவறு. பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, கிளையன்ட் பக்கத்தில் சேரும் தேதி உறுதியாகும்வரை பொறுங்கள். உங்கள் நோட்டீஸ் 90 நாள் என்றால் அதற்குள் அந்த இடமே ரத்தாகலாம். அப்படி ரத்தானால் என்ன தருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராமல் இருப்பதும் ஒரு தகவல்தான்.

விலகிய பிறகு பி.எஃப். தளத்தில் பழைய நிறுவனம் உங்கள் வெளியேறும் தேதியைச் சரியாகப் பதிவு செய்ததா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு வேலையும் ஒரே நாள்களில் நடந்ததுபோல் பதிவானால் அடுத்த சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

என் தங்கை படி 2இன் கேள்விகளை அனுப்பினாள். தொலைபேசியில் "நிச்சயம் மாற்றிவிடுவார்கள், மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மின்னஞ்சலுக்கு ஒரே வரியில் பதில் போட்டார்: "அது கிளையன்டின் முடிவு." அந்த வேலையை அவள் ஏற்கவில்லை. ஆனால் நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து வைத்திருக்கிறாள். நோட்டீஸ் காலமும் பணிக்காலத்தில் சேரும் என்பதால், 4 ஆண்டு 9 மாதம் ஆனதும் ராஜினாமா கொடுத்தால் 90 நாளில் ஐந்தாண்டு நிறைகிறதா என்று இப்போது நாள் நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறாள்.