சேலத்திலிருந்து பிரிட்டனுக்கு வருவோர் ப்ளே ஸ்டோரில் பார்க்க வேண்டிய சிறிய வரி

சேலத்தில் இருந்தவரை, கார்டில் பணம் எடுக்கப்படும் முன் கைபேசிக்கு ஓடிபி வரும் என்ற நம்பிக்கையிலேயே பழகிவிட்டோம். இங்கே வந்ததும் வங்கிக் கணக்கு, புதிய கார்டு, ப்ளே ஸ்டோரில் நாட்டை மாற்றுவது ஆகியவற்றை ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். அதன்பின் சேமித்து வைத்த கார்டிலிருந்து, ஓடிபி எதுவும் வராமலே பணம் போகக்கூடும் என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

என் ஏழு வயது மகன் கேட்ட விளையாட்டின் பக்கத்தில் "PEGI 3" என்ற வயதுக் குறியீடு இருந்தது. மூன்று வயதுக்கு மேல் எவருக்கும் ஏற்றது என்று எண்ணிப் பதிவிறக்கினேன். அந்த எண் முதன்மையாக வன்முறை, அச்சமூட்டும் காட்சி, தகாத பேச்சு ஆகியவற்றைப் பற்றியது. விளையாட்டு குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டது என்று அது சொல்வதில்லை. சிறுவர்களுக்கென வடிவமைத்த செயலிகளில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும் பாதுகாப்பு உண்டு. இந்த விளையாட்டு அந்த வகையைச் சேர்ந்ததன்று.

நிறுவும் பொத்தானுக்கு அருகில் சிறிய எழுத்தில் "In-app purchases" என்றும், "About this app" பகுதியைத் திறந்தால் கீழே "£0.99 – £99.99 per item" என்றும் இருந்தன. ஒரு பொருளின் விலை வரம்பே அது. மொத்தச் செலவுக்கு வரம்பு அன்று. மகன் கெஞ்சியதால் 0.99 பவுண்டுக்கு ஒன்றை நானே கடவுச்சொல் இட்டு வாங்கினேன். அமைப்பு முப்பது நிமிடத்திற்கு ஒருமுறை கேட்பதாக இருந்ததால், அடுத்த இருபது நிமிடங்களில் அவன் 9.99 பவுண்டு வீதம் பதினான்கு முறை வாங்கிவிட்டான். 139.86 பவுண்டு! ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு போய்த் தங்கிவரும் செலவு அது என்று நினைத்து அன்றிரவு மனம் ஆறவில்லை.

வாங்கிய 48 மணி நேரத்திற்குள் ப்ளே ஸ்டோரிலேயே பணம் திரும்பக் கேட்டிருந்தால் வழி எளிதாக இருந்திருக்கும். நான் நான்காம் நாள்தான் வங்கிக் கணக்கைப் பார்த்தேன்; செயலி செய்தவருக்கு எழுதியும் பணம் வரவில்லை. ஆகவே முதல் நாளே ப்ளே ஸ்டோரில் "Purchase verification" அமைப்பைத் திறந்து, ஒவ்வொரு முறையும் கேட்குமாறு மாற்றிவிடுங்கள்.

"Data safety" பகுதியையும் பாருங்கள். ஆனால் அது செயலி செய்தவரே நிரப்பித் தரும் அறிவிப்பு என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிறருடன் பகிரவில்லை என்று அதில் இருந்தாலும், தம் சார்பில் தரவைக் கையாளும் சேவை நிறுவனங்களுக்குக் கொடுப்பது அங்கே பகிர்வாகக் கணக்கிடப்படுவதில்லை.

இப்போது மகன் பயன்படுத்தும் கணக்கில் கார்டு இல்லை. மாதம் ஐந்து பவுண்டு மட்டும் கிஃப்ட் கார்டு மூலம் ஏற்றுகிறேன். அது தீர்ந்தால் அடுத்த மாதம்வரை அவன் காத்திருக்கிறான்.