படத்தில் கழுத்து டாட்டூவை மங்கலாக்குவது, மறைப்பது: ஜிம்ப்பில் படிப்படியாக

என் சித்தி மகனுக்குப் போன மாதம் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. ஊழியர் பக்கத்துக்கு ஒரு படம் கேட்டிருந்தார்கள். நல்ல சட்டை போட்டு, ஜன்னல் ஓரம் நிற்க வைத்து, போனில் எடுத்தோம். படம் நன்றாகவே வந்தது. ஆனால் வலது காதுக்குக் கீழே அவன் குத்தியிருக்கும் சிறிய பறவை பளிச்சென்று தெரிந்தது. ஒரு சிறகின் நுனி காலருக்குள் போய் மறைந்திருந்தது. "முழுசா எடுத்துடாதீங்க அண்ணா, கொஞ்சம் மங்கலா இருந்தா போதும்" என்றான். நான் இரண்டு விதமாகவும் செய்து காட்டினேன். அதே படத்தை வைத்து இங்கே சொல்கிறேன்.

மென்பொருள் ஜிம்ப். இலவசம்தான், கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். மெனு பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே தருகிறேன்.

ஹீல் மட்டும் ஏன் போதாது

தோலில் உள்ள பருவை எடுக்க எல்லோரும் ஹீல் கருவியைத்தான் கையில் எடுப்பார்கள். டாட்டூவுக்கும் அதையே எடுத்தால் படம் கெட்டுப்போகும். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். மை போய்விட்டது, ஆனால் அந்த இடத்தில் அடிபட்டுக் கன்றியது போல ஒரு சாம்பல் திட்டு மிஞ்சியது.

காரணம் இதுதான். ஹீல் கருவி, நாம் காட்டும் நல்ல தோலிலிருந்து துவாரம், வரி போன்ற நுண்ணிய அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். நிறத்தையும் வெளிச்சத்தையும் நாம் தேய்க்கும் இடத்திலிருந்தே எடுக்கும். பரு சின்னது. பிரஷ் அதைவிடப் பெரியது, சுற்றிலும் நல்ல தோல் இருக்கும், அதனால் சரியாக வரும். டாட்டூவிலோ பிரஷ் முழுவதும் மைக்கு உள்ளேயே நிற்கிறது. அங்கே இருக்கும் நிறம் மையின் நிறம். அதையே ஹீல் காப்பாற்றி வைக்கிறது.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் குளோன் கருவியால் நல்ல தோலை அப்படியே கொண்டுவந்து மையை மூடுவது, பிறகு ஒட்டுத் தெரியும் விளிம்புகளை மட்டும் ஹீல் செய்வது.

தொடங்கும் முன்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் வேலை செய்யாதீர்கள். அதில் தோலின் நுண்ணமைப்பு ஏற்கெனவே நசுங்கியிருக்கும், எடுத்து ஒட்டுவதற்கே ஒன்றும் இருக்காது. போனிலிருந்து மூலப் படத்தை வாங்குங்கள். தம்பியின் படம் 3024 × 4032 பிக்சல். அதில் பறவை சுமார் 260 பிக்சல் அகலம்.

படத்தைத் திறந்ததும் `Layer > Duplicate Layer` கொடுங்கள். இனி எல்லா வேலையும் மேலே இருக்கும் இந்த நகலில்தான். கீழே உள்ள மூலத்தைத் தொடவே கூடாது. மங்கலாக்கும் வித்தை கடைசியில் இதை நம்பித்தான் நிற்கிறது.

காலருக்கு வேலி

சிறகு நுனி காலரைத் தொடுகிற இடத்தில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம். பிரஷ் கொஞ்சம் தாண்டினாலும் சட்டை விளிம்பில் தோல் ஏறிவிடும், இல்லையென்றால் தோலில் சட்டையின் வெள்ளை கசியும். அதனால் முதலிலேயே ஒரு வேலி போட்டுவிடுவது நல்லது.

`F` அழுத்தி `Free Select` கருவியை எடுங்கள். கருவியின் அமைப்பில் `Feather edges` தேர்வு செய்து `Radius` 2 என்று வையுங்கள். காலரின் விளிம்பு ஓரமாகவே நெருக்கமாகப் புள்ளிகள் வைத்து வாருங்கள். பிறகு கழுத்து முழுவதையும் தாராளமாகச் சுற்றிவந்து தொடங்கிய புள்ளியில் முடித்து `Enter` தட்டுங்கள். இப்போது தேர்வுக்குள் தோல் மட்டும் இருக்கிறது, சட்டைமேல் பிரஷ் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஓடிக்கொண்டே இருக்கும் புள்ளிக்கோடு கண்ணை உறுத்தினால் `Ctrl+T` அழுத்துங்கள். கோடு மறையும், தேர்வு அப்படியே இருக்கும்.

குளோன்: எங்கிருந்து எடுப்பது

`C` அழுத்தினால் குளோன் வரும். `2. Hardness 050` என்ற மென்மையான பிரஷ், அளவு 60 போல, `Opacity` 100. இதைக் குறைத்து வைத்து மெல்ல மெல்லப் பூசினால் இயல்பாக வரும் என்று தோன்றும். வராது. வெவ்வேறு இடத்துத் துவாரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதி பாதியாகக் கலக்கும்போது நுண்ணமைப்பு அழிந்து, தோல் மெழுகு மாதிரி ஆகிவிடும். விளிம்பு மென்மையாக இருந்தால் போதும், பூச்சு முழுதாகவே இருக்கட்டும். `Alignment` என்பதில் `Aligned` வையுங்கள்.

அடுத்து, எந்த இடத்துத் தோலை எடுப்பது? பக்கத்தில் இருப்பதுதானே என்று எதையாவது எடுக்கக்கூடாது. கழுத்தில் தாடையின் நிழல் விழுகிறது. தாடையிலிருந்து காலர் நோக்கிக் கீழே வந்தால், விரல் அகலத்துக்குள் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்துவிடுவோம். ஆனால் நிழலின் ஓரத்தோடு பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே தாடைக்கு எவ்வளவு கீழே மை இருக்கிறதோ, அதே அளவு கீழே, பக்கவாட்டில் தள்ளி இருக்கும் தோலை எடுங்கள். பறவையின் தலைக்கு ஒரு இடம், உடலுக்கு அதற்குக் கீழே ஒரு இடம், சிறகுக்கு இன்னும் கீழே ஒரு இடம். இந்த ஒன்றைப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

`Ctrl` அழுத்தியபடி நல்ல தோலில் சொடுக்கினால் அந்த இடம் பதிவாகும். பிறகு மையின் மேல் சிறு சிறு தொடுதலாக வையுங்கள், நீளமாக இழுக்க வேண்டாம். வெளி விளிம்பிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். நான்கைந்து தொடுதலுக்கு ஒருமுறை எடுக்கும் இடத்தை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒரே மச்சமோ ஒரே சிறு முடியோ இரண்டு மூன்று இடத்தில் அச்சடித்தது போல வரும். படத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்கு முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

ஒட்டை மறைக்க ஹீல்

மை முழுவதும் மூடிய பிறகு உற்றுப் பார்த்தால் திட்டுத் திட்டாக ஒட்டுகள் தெரியும். இப்போது `H`. பிரஷ் அளவு 40 போதும். அருகிலுள்ள நல்ல தோலை `Ctrl` சொடுக்கிப் பதிவு செய்து, ஒட்டுக்கோட்டின்மேல் மட்டும் தொடுங்கள். இப்போது அடியில் மை இல்லை, தோலின் நிறமே இருக்கிறது. அதனால் ஹீல் அந்த நிற வித்தியாசத்தை அழகாகச் சமன் செய்துவிடும்.

காலரை ஒட்டிய பகுதியில் ஹீல் வேண்டாம். அருகிலிருக்கும் சட்டையின் நிறத்தையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு வெளுத்த பட்டையை உண்டாக்கலாம். அங்கே குளோனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்ததும் `Shift+Ctrl+A` கொடுத்துத் தேர்வை எடுத்துவிடலாம்.

மிஞ்சும் பச்சை

நம் ஊரில் இதற்குப் பச்சை குத்துவது என்றே பெயர். கறுப்பு மைதான், ஆனால் தோலுக்கு அடியில் இருப்பதால் நீலமும் பச்சையும் கலந்த சாயலில் தெரியும். கோடுகளைச் சுற்றி மை லேசாகப் பரவியும் இருக்கும். பழைய டாட்டூ என்றால் பரவல் அதிகம். கோட்டை மட்டும் மூடியிருந்தால் இந்தச் சாயல் மிஞ்சிவிடும், வேலை செய்துகொண்டே இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. `Colors > Hue-Saturation` திறந்து `Saturation` அளவை நன்றாக ஏற்றிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் அந்த இடம் மட்டும் சிவந்த தோலுக்கு நடுவே சாம்பலாக நிற்கும். பார்த்ததும் `Cancel` கொடுத்துவிடுங்கள்.

சரி செய்ய, மேலே ஒரு புதிய காலி லேயர் சேர்த்து அதன் `Mode` பட்டியலில் `HSL Color` தேர்ந்தெடுங்கள். இந்த முறையில் பூசினால் நிறம் மட்டும்தான் மாறும், தோலின் வெளிச்சமும் துவாரங்களும் அப்படியே இருக்கும். `P` அழுத்தி `Paintbrush` கருவியை எடுத்து, `Ctrl` அழுத்திப் பக்கத்து நல்ல தோலில் சொடுக்கினால் அந்த நிறம் வந்துவிடும். வேறு நிறம் வந்தால் அந்தக் காலி லேயரையே அது பார்க்கிறது என்று பொருள், `O` அழுத்தினால் வரும் நிறம் எடுக்கும் கருவியில் `Sample merged` தேர்வு செய்து எடுங்கள். `Opacity` 30 வைத்து இரண்டு மூன்று முறை மெதுவாகப் பூசினால் பச்சைச் சாயல் போய்விடும். இங்கே நுண்ணமைப்பு எதையும் நகலெடுக்கவில்லை என்பதால் குறைந்த பூச்சில் கெடுதல் இல்லை. பிறகு `Layer > Merge Down` கொடுத்து நகலோடு சேர்த்துவிடுங்கள்.

தள்ளி நின்று பார்ப்பது

`1` அழுத்தினால் படம் முழு அளவில் வரும். அதில் தோல் மெழுகாக இருக்கிறதா என்று பார்க்கலாம். `Shift+Ctrl+J` அழுத்தினால் படம் திரைக்குள் அடங்கும். அதில் நிழல் சரியாக இறங்குகிறதா, எங்காவது மேடு போலத் தெரிகிறதா என்று பாருங்கள். `Image > Transform > Flip Horizontally` கொடுத்துத் திருப்பியும் ஒருமுறை பாருங்கள். ஒரே பக்கமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பியது அப்போது தெரியும். பிறகு `Ctrl+Z`. தம்பியின் படத்தில் தாடைக்குக் கீழே நிழல் ஒரு இடத்தில் அறுந்திருந்ததை நான் இப்படித்தான் பிடித்தேன். நிழலுக்குள்ளிருந்தே மறுபடி இரண்டு தொடுதல் குளோன் செய்ததும் சேர்ந்துகொண்டது.

மங்கலாக மட்டும் வேண்டுமென்றால்

மேல் நகலின் `Opacity` அளவைக் குறையுங்கள். கீழே இருக்கும் மூலத்திலிருந்து டாட்டூ மெல்ல எட்டிப்பார்க்கும். மற்ற இடமெல்லாம் இரண்டு லேயரிலும் ஒன்றேதான், அதனால் முகத்தில் எதுவும் மாறாது. 50-இல் கோடு இன்னும் தெளிவாகப் படிக்க வருகிறது. 85-க்கு மேல் போனால் அழுக்கு ஒட்டியது போல ஆகிவிடுகிறது. அவன் படத்துக்கு 70 சரியாக அமைந்தது. நேரில் பார்ப்பவருக்கு இது வேறு ஆள் என்று தோன்றாது, படத்தைப் பார்ப்பவரின் கண்ணும் கழுத்துக்குப் போகாது. எனக்கும் முழுதாக எடுத்ததைவிட இதுதான் பிடித்தது. அவனும் இதையே அனுப்பினான்.

`.xcf` கோப்பாக ஒன்று சேமித்து வையுங்கள், பின்னால் மனம் மாறினால் அளவை மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் சதுரமாக வெட்டி, `Image > Scale Image` மூலம் 800 × 800 ஆக்கி, `File > Export As` கொடுத்து ஜேபெக்காக `Quality` 90-இல் எடுத்தால் போதும்.

இன்னொன்று. இந்தப் படம் ஊழியர் பக்கத்துக்கும் சுயவிவரப் பக்கத்துக்கும் மட்டும்தான். பாஸ்போர்ட், அடையாள அட்டை, தேர்வு விண்ணப்பம் இவற்றுக்குத் திருத்திய படத்தைக் கொடுக்காதீர்கள். அங்க அடையாளம் கேட்கும் படிவத்தில் அந்த டாட்டூவையே எழுதியிருக்கலாம். அதனால் கோப்பின் பெயரிலேயே `profile` என்று சேர்த்துத் தனிக் கோப்புறையில் வைத்துக் கொடுத்தேன்.