ரொக்கம் சரியாக இருக்கும், கணக்கு தப்பாக இருக்கும்

எங்கள் சுய உதவிக் குழுவில் புதிதாகப் பேரேடு எழுத வந்த பெண், போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கொடுத்த பணத்தை அப்படியே கடன் பத்தியில் வரவு வைத்தாள். எட்டு மாதம் நானும் அதையேதான் செய்தேன். கூட்டல் கழித்தல் பிசகினால் அன்றைக்கே தெரிந்துவிடும். இது அப்படித் தெரியாது.

பணத்தைப் பிரிக்காமல் எழுதுவது

ஒருவர் குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்குகிறார். மாதம் 1,000 அசல், நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி, 100 ரூபாய் சேமிப்பு. முதல் மாதம் 1,300 கட்டிவிட்டார். அசல் பாக்கி 9,000. இரண்டாம் மாதம் கட்ட வேண்டியது 100 சேமிப்பு, 180 வட்டி, 1,000 அசல், ஆக 1,280. கையில் இருந்தது 780தான்.

இதை முதலில் சேமிப்புக்கு 100, அடுத்து வட்டிக்கு 180 என்று எடுத்துவிட்டு, மீதி 500ஐ அசலில் கழிக்க வேண்டும். பாக்கி 8,500. தவணையில் விட்ட 500 நிலுவை என்று தனியாக நிற்கும். மூன்றாம் மாதம் அவர் கட்ட வேண்டியது 100 + 170 + 1,000 + 500 = 1,770. (எங்கள் குழுவில் இந்த வரிசைதான். உங்கள் குழுவில் எது முதலில் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.)

780ஐயும் அசலில் கழித்தால் பாக்கி 8,220. குழுவுக்கு வர வேண்டிய வட்டி 180 காணோம், அவருடைய சேமிப்பு 100 காணோம். ஆனால் ரொக்கப் புத்தகம் துல்லியமாக ஒத்துப்போகும், ஏனென்றால் வாங்கியது 780தானே! எனக்கு எரிச்சலே இதில்தான்: ஐந்தொகைகூட ஒத்துப்போகும். சொத்துப் பக்கம் கடன் 280 குறையும், எதிர்ப் பக்கம் சேமிப்பும் வட்டியும் சேர்ந்து அதே 280 குறையும்.

பிடிக்க இரண்டு வழி உண்டு. மாதச் சேமிப்பை ஒவ்வொருவரும் சேர்ந்து ஆன மாதங்களால் பெருக்கி, பேரேட்டில் அவர் பெயரில் இருக்கும் சேமிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். விட்டுப்போன மாதம் தெரியும். அடுத்து, மாதத் தொடக்கத்தில் இருந்த மொத்த அசல் பாக்கிக்கு 2 சதவீதம் போட்டு, வந்த வட்டியோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் யாராவது வட்டி நிலுவை வைத்திருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் வட்டி அசலுக்குள் போய்விட்டது.

நான் கண்டுபிடித்தபோது ஒரு அக்கா கடனையே முடித்திருந்தார். "புத்தகத்துல தீர்ந்துடுச்சுன்னு நீதானே சொன்ன?" என்றார். பதில் இல்லை என்னிடம். பாஸ் புத்தகத்திலும் என் கையெழுத்துதான்.

கூட்டத்துக்கு வராதவருக்குப் பேரேட்டில் வரி எழுதாமல் விடுவது

வரவு 0 என்று எழுதி, அந்த மாத வட்டியையும் தவணையையும் நிலுவையில் ஏற்றுங்கள்.

கணினித் தாளைப் பெயர் வரிசையில் அடுக்குவது

மேல் வரியின் பாக்கியைப் பார்த்து ஓடும் சூத்திரம் இருந்தால் செய்யவே செய்யாதீர்கள்.