ஜன்னல் வெளிச்சத்தில் கேட்டலாக் படம்: மூன்று கோப்பைக்கும் ஒரே வெள்ளைப் பின்னணி

ஒரு வெள்ளைக் கோப்பை, ஒரு சிவப்புக் கோப்பை, ஒரு கறுப்புக் கோப்பை. மூன்றையும் ஒரே ஜன்னலோரம், ஒரே வெள்ளைத் தாளில் வைத்து போனில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைக் கோப்பைக்குப் பின்னால் தாள் அழுக்குச் சாம்பலாக இருக்கும். கறுப்புக் கோப்பைக்குப் பின்னால் அதே தாள் கண் கூசும் அளவுக்கு வெளுத்திருக்கும். மூன்றையும் கேட்டலாக்கில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மூன்று வேறு கடைகளில் எடுத்தது போலத் தெரியும்.

போன் பழுதாகவில்லை. திரையில் தெரிவது முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது அதன் வழக்கம். எங்கும் வெள்ளையாக இருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். கறுப்பு அதிகமாக இருந்தால் கூட்டிவிடும். அந்த முடிவை அதனிடமிருந்து பிடுங்கி நாம் எடுப்பதுதான் கீழே உள்ள வேலையில் பாதி.

1. மேசையும் தாளும்

ஜன்னல் உங்கள் இடப்பக்கம் வரும்படி மேசையைப் போடுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பொருள் தட்டையாகத் தெரியும், உங்கள் நிழலும் அதன்மேல் விழும். பொருளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முன்பக்கம் இருண்டுவிடும்.

பளபளப்பில்லாத வெள்ளை சார்ட் பேப்பர் ஒரு முழுத் தாள் போதும். பின் விளிம்பைச் சுவரிலோ அடுக்கிய புத்தகங்களிலோ டேப் போட்டு ஒட்டி, தாளை வளைவாகக் கீழே இறக்கி மேசைமேல் விரியுங்கள். மடிக்கக் கூடாது. மடித்தால் அந்தக் கோடு ஒவ்வொரு படத்திலும் பொருளுக்குப் பின்னால் குறுக்கே ஓடும். சுருட்டி வாங்கிவந்த தாளை எதிர்த்திசையில் ஒருமுறை தளர்வாகச் சுருட்டிவிட்டால் படிந்து நிற்கும்.

கோப்பை ஜன்னலிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மிகவும் கிட்டே வைத்தால் தாளின் இடப்பக்கம் வெள்ளையாகவும் வலப்பக்கம் சாம்பலாகவும் வரும், ஏனென்றால் ஜன்னலுக்கு அருகில்தான் வெளிச்சம் மிக வேகமாகக் குறைகிறது. மிகவும் தள்ளிப் போனால் வெளிச்சம் போதாமல் படத்தில் புள்ளிகள் கிளம்பும்.

நேர் வெயில் மேசைமேல் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் துணியை ஜன்னலில் தொங்கவிடுங்கள். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தால் வெயில் இன்னும் நேராக வருகிறது என்று பொருள்.

2. அறை விளக்குகளை அணையுங்கள்

இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஜன்னல் வெளிச்சம் நீலச் சாயல் கொண்டது, வீட்டு பல்புகளில் பல மஞ்சள். இரண்டும் சேர்ந்தால் கோப்பையின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். எடிட் செய்யும்போது ஒன்றைச் சரிசெய்தால் மற்றது இன்னும் கெடும். தாளில் விழும் நிழலைப் பாருங்கள். அது மஞ்சளாகத் தெரிந்தால் எங்கோ ஒரு விளக்கு எரிகிறது. பக்கத்தில் பச்சைச் சுவரோ சிவப்புத் திரைச்சீலையோ இருந்தாலும் அதன் நிறம் கோப்பையில் ஒட்டும். நீங்கள் போட்டிருக்கும் சட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

3. போனை நிறுத்துவது

முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் ரேகை படிந்த லென்ஸில் வெள்ளைத் தாள் புகை மூட்டமாகத் தெரியும்.

போனை ஸ்டாண்டில் வைத்து, கோப்பையிலிருந்து முக்கால் அல்லது 1 மீட்டர் தள்ளி, 2x ஜூமில் எடுங்கள். 1x-இல் கிட்டே போனால் கோப்பையின் வாய் அகன்றும் அடிப்பாகம் குறுகியும் தெரியும். வாங்குபவர் கையில் வரும் கோப்பை அப்படி இருக்காது. சில போன்கள் கிட்டே போனதும் தாமாகவே மேக்ரோவுக்கு மாறிவிடும். திரையில் பூ வடிவக் குறி வந்தால் அதை அணைத்துவிடுங்கள். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். கைப்பிடியின் ஓரத்தை அது பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும்.

கோப்பையின் உள்விளிம்பு சற்றே தெரியும் உயரத்தில் போன் இருக்கட்டும். கோப்பை நிற்கும் இடத்தைத் தாளில் பென்சிலால் மெல்லிய புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லாக் கோப்பைகளும் அங்கேதான் நிற்க வேண்டும்.

4. வெளிச்சத்தைப் பூட்டுவது

முதலில் வெள்ளைக் கோப்பையை வையுங்கள். காரணம் இருக்கிறது: வெளிச்சம் கூடினால் முதலில் காணாமல் போவது அதன் விளிம்புதான். அப்படி வெளுத்த இடத்தை எடிட் செய்து மீட்க முடியாது.

திரையில் கோப்பையின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். AE/AF LOCK என்றோ பூட்டுக் குறியோ வரும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மெதுவாக மேலே நகர்த்துங்கள். தாள் சாம்பலிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். கோப்பையின் விளிம்பு தாளோடு கலக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு சிறு அளவு கீழே இறக்குங்கள். தாள் இன்னும் மிக லேசான சாம்பலாக இருந்தால் கவலை வேண்டாம், அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

டைமரை 3 வினாடிக்கு வைத்து எடுங்கள். பிறகு பூட்டைத் தொடாமல் சிவப்பை அதே புள்ளியில் வைத்து எடுங்கள், அடுத்து கறுப்பு. இடையில் திரையை வேறெங்காவது தட்டினாலோ கேமராவை மூடினாலோ பூட்டு போய்விடும்.

போனில் Pro மோட் இருந்தால் இன்னும் உறுதி. வெளிச்ச உணர்திறனான ISO-வை 100-இல் வைத்து, நிறச் சாயலைச் சரிசெய்யும் WB-ஐ 5500-இல் தொடங்கி, தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரியாத எண்ணில் நிறுத்துங்கள். ஷட்டர் வேகத்தையும் ஆட்டோவில் விடாமல், வெள்ளைக் கோப்பைக்குச் சரியாக வரும் ஒரே எண்ணில் மூன்றுக்கும் வையுங்கள். ஸ்டாண்ட் இருப்பதால் ஷட்டர் வேகம் குறைந்தாலும் படம் அசையாது.

5. வலப்பக்க அட்டை

ஜன்னலுக்கு எதிர்ப்புறம், கோப்பையிலிருந்து ஒரு சாண் தள்ளி, சட்டத்துக்குள் வராதபடி ஒரு தெர்மாகோல் தகட்டை நிறுத்துங்கள். இருண்ட பக்கத்தில் கைப்பிடி தெளியும். சிவப்புக் கோப்பைக்கு இதுவே போதும்.

வெள்ளைக் கோப்பைக்குத் தலைகீழ். தெர்மாகோலை எடுத்துவிட்டு அதே இடத்தில் கறுப்பு அட்டையை வையுங்கள். அதன் கருமை வலது ஓரத்தில் மெல்லிய கோடாக ஏறி, வெள்ளைத் தாளிலிருந்து வெள்ளைக் கோப்பையைப் பிரித்துக் காட்டும். பூட்டுப் போடும் முன்பே இதை வைத்துவிடுங்கள்.

பளபளக்கும் கறுப்புக் கோப்பை ஒரு கண்ணாடி. இடப்பக்கம் ஜன்னல் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். அது இருக்கட்டும், பளபளப்பையும் வளைவையும் காட்டுவது அதுதான். தெர்மாகோல் வலப்பக்கம் இன்னொரு பட்டையைக் கொடுக்கும். நடுவில் நீங்களே தெரிந்தால், டைமரை 10 வினாடியாக்கி விலகி நில்லுங்கள்.

6. எடிட்

ஆட்டோ பொத்தானைத் தொடாதீர்கள். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, நீங்கள் பூட்டிய பூட்டை அது உடைத்துவிடும். வெள்ளைக் கோப்பைப் படத்தில் மட்டும், பிரகாசமான பகுதிகளைக் கூட்டும் ஸ்லைடரை, விளிம்பு கரையாத வரை ஏற்றுங்கள். அதே எண்களை மற்ற இரண்டுக்கும் போடுங்கள். போன் திரையின் மஞ்சள் இரவு நேர அமைப்பு அணைந்திருக்கிறதா என்று அதற்கு முன் பாருங்கள்.

கடைசியாக, மேசையைக் கலைக்கும் முன் வெள்ளைக் கோப்பையையும் அதன் கறுப்பு அட்டையையும் மறுபடி வைத்து, அதே பூட்டில் இன்னொரு படம் எடுங்கள். முதல் படத்தின் தாளும் இந்தப் படத்தின் தாளும் ஒத்துப்போகாவிட்டால் இடையில் மேகம் மறைத்திருக்கிறது அல்லது விலகியிருக்கிறது. மூன்றையும் அப்போதே திரும்ப எடுத்துவிடுங்கள்.